மாவுக்கட்டுக்குள் உறைந்த ரத்தம்

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயது 46, தோல் தொழிற்சாலை வேலை. இரு சக்கர வண்டியிலிருந்து விழுந்து கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, தொடை வரை மாவுக்கட்டு போட்டு 19 நாள் ஆகியிருந்தது. அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய் நடந்த விதத்தில் எதையும் மாற்றவில்லை.

முதல் நாள் காலை கழிவறைக்குப் போக எழுந்தவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கியிருக்கிறது. வலது விலாவில், மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் ஊசியால் குத்துவது போன்ற வலி. பக்கத்து மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள், மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டிலும் கோளாறு இல்லை. வாயுப்பிடிப்பு என்று ஓர் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் கட்டிலருகிலேயே மயங்கி விழுந்தார். வேலூருக்குக் கொண்டுவரும்போது காலை ஏழு மணி.

"நேற்றுதானே எல்லாம் பார்த்தோம், இதயம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களே டாக்டர்" என்று அவர் மனைவி அந்த ஈசிஜி தாளை என் கையில் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன். துடிப்பு நிமிடத்துக்கு 118 என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லைதான். ஆனால் படுக்கையில் அசையாமல் கிடக்கும் மனிதருக்கு இதயம் 118 முறை துடிக்கிறது என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

நான் பார்க்கும்போது துடிப்பு 124. ரத்தத்தில் ஆக்சிஜன் 88 விழுக்காடு. மூச்சு நிமிடத்துக்கு 28. ரத்த அழுத்தம் 104க்கு 70. ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டால், காற்று இரண்டு பக்கமும் தாராளமாக உள்ளே போய் வருகிறது. இளைப்புச் சத்தம் இல்லை, சளிச் சத்தம் இல்லை. இந்த முரண்பாட்டில்தான் நோய் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. நிமோனியா என்றால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். ஆஸ்துமா என்றால் விசில் கேட்கும். நுரையீரல் சுத்தமாக இருந்தும் ஆக்சிஜன் இறங்குகிறது என்றால், காற்று வந்து சேர்கிறது, அதை வாங்கிக்கொள்ள ரத்தம் வரவில்லை என்று பொருள். வரும் வழியில் அடைப்பு. பல்மனரி எம்போலிசம் என்று இதைச் சொல்வோம்.

அடைப்பு காலிலிருந்து போனது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கித்தான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மாவுக்கட்டுக்குள் கால் அசையாமல் கிடந்தால் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் தேங்கி உறையும். முறிவுக்குப் பிறகு ரத்தத்தின் உறையும் தன்மையும் கூடியிருக்கும். அந்தக் கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு இதயத்தின் வலது பக்கம் வழியாகப் போய் நுரையீரல் தமனியில் சிக்கிக்கொள்கிறது. சிறிய துண்டு நுரையீரலின் விளிம்பு வரை போய்விட்டால் அங்குள்ள உறை புண்பட்டு, மூச்சிழுக்கும்போது குத்தும். பெரிய கட்டி நடுவிலேயே நின்றுவிட்டால் வலி இல்லாமல்கூடப் போகலாம். மூச்சுத் திணறலும் மயக்கமும் மட்டும் வரும். இவருக்கு முதல் நாள் வந்தது எச்சரிக்கை. மறுநாள் வந்தது பெரியது.

கால் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நாலு நாளாகக் கட்டு இறுக்குகிறது, விரலெல்லாம் வீங்குகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டு புதிதுதானே, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம்" என்றார் மனைவி. கட்டுக்குள் இருக்கும் கெண்டைக்காலை யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. அதனால்தான் அந்த இறுக்கத்தை நோயாளி சொல்லும்போது நாம் காது கொடுக்க வேண்டும். வீக்கம் வற்றட்டும் என்று எண்ணெய் விட்டு உருவுவது நம் பக்கத்தில் வழக்கம். மாவுக்கட்டு போடாதவருக்கும் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதை யாரும் உருவக் கூடாது. உறைந்த கட்டி பெயர்ந்துவிடலாம்.

அடுத்ததாகச் செய்ததை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் குடும்பத்தார் குழம்புவது இங்கேதான். ஸ்கேன் எடுக்கும் முன்பே ஊசி போட்டோம். ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சபரின், உடல் எடை கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் கணக்கில், அவருடைய 60 கிலோவுக்கு 60 மில்லிகிராம், வயிற்றுத் தோலுக்கு அடியில். நோய் உறுதியாகும் முன் மருந்தா என்று அவருடைய தம்பி கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். முதல் கட்டியைத் தாங்கியவரை அடுத்த கட்டி கொன்றுவிடலாம். அது ஸ்கேனுக்குக் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில்கூட வரலாம். மயங்கி விழுந்தபோது தலையில் அடிபட்டதா, ரத்தக்கசிவு, வயிற்றுப்புண், அண்மையில் அறுவை சிகிச்சை உண்டா என்று விசாரித்து, எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே போட்டோம். தலையில் அடிபட்டிருந்தால் கதை வேறு.

டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையை இவருக்கு நாங்கள் கேட்கவில்லை. சந்தேகம் குறைவாக உள்ளவருக்கு அது இயல்பாக வந்தால் நோய் இல்லை என்று நிம்மதியாக அனுப்பலாம். எலும்பு முறிந்தவருக்கு அது எப்படியும் உயர்ந்துதான் இருக்கும். அதன் முடிவுக்காக உட்கார்ந்திருப்பது நேர விரயம்.

கை நரம்பில் சாய மருந்து செலுத்தி, அது நுரையீரல் தமனிக்குப் போய்ச் சேரும் நொடியில் சிடி எடுக்க வேண்டும். சாயம் செலுத்தாத சாதாரண சிடியில் இந்தக் கட்டி பெரும்பாலும் கண்ணில் படாது; இதைத் தெரியாமல் வெறும் சிடி எடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. சாயம் ஓடும் தமனி திரையில் வெள்ளையாகத் தெரியும். இவருக்கு வலது பக்கத் தமனியில் அந்த வெள்ளைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு, பாதி வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. இடது பக்கம் இரண்டு சிறிய கிளைகளிலும் இருந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சாயம் கொடுப்பதில் தயக்கம் இருக்கும்; அவர்களுக்கு முதலில் காலில் டாப்ளர் என்ற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து, அங்கே கட்டி இருந்தால் அதை வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம்.

எக்கோவில் இதயத்தின் வலது கீழறை வீங்கியிருந்தது. அந்த அறையின் சுவர் மெல்லியது. அதிக அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளிப் பழக்கமில்லாதது. இந்த நோயில் உயிர் போவது பெரும்பாலும் அது களைத்துப்போவதால்தான். ரத்த அழுத்தம் 90க்குக் கீழே விழுந்து அங்கேயே நின்றிருந்தால் கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தியிருப்போம். அது மூளையிலேயே ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது என்பதால், அழுத்தம் நிலையாக இருந்த இவருக்குக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் கண்காணித்தோம். மாவுக்கட்டை வெட்டிப் பார்த்தபோது கெண்டைக்கால் மற்றதைவிட நான்கு சென்டிமீட்டர் பருத்திருந்தது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கட்டியைக் கரைக்காது. அது வளராமலும் புதிதாக உருவாகாமலும் தடுக்கும். கரைக்கும் வேலையை உடம்பே மெல்லச் செய்துகொள்ளும். அதற்குக் காலம் வேண்டும் என்பதால்தான் குறைந்தது மூன்று மாதம். இவருக்கு ரிவரோக்சபான்: முதல் 21 நாள் 15 மில்லிகிராம் காலையும் இரவும், பிறகு 20 மில்லிகிராம் ஒரு வேளை, இரண்டையுமே சாப்பாட்டோடு. பத்தாவது நாள் வாக்கில் பலருக்கு மூச்சு சரியாகிவிடும். அட்டை தீர்ந்ததும் பலர் நிறுத்திவிடுவது அப்போதுதான். கால்வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிச் சேர்த்து விழுங்குவது இன்னொரு தவறு. மலம் கறுத்துப்போய், குடலில் ரத்தம் கசிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாவுக்கட்டுக்கு மட்டும் இது வருவதில்லை. சிசேரியன் முடிந்து தாய் வீட்டில் பச்சை உடம்பு என்று படுக்கையை விட்டு எழவே விடாத பெண்ணுக்கு வரும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு வரும். திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கும், அரிதாக, வரும். இவர்களில் யாருக்காவது திடீரென்று மூச்சு வாங்கினால் 108ஐ அழையுங்கள். மருத்துவரிடம் மூச்சுத் திணறலைச் சொல்லும்போதே "மூன்று வாரமாகக் கட்டு போட்டிருக்கிறார்", "பிரசவம் ஆகிப் பத்து நாள்" என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லுங்கள். இவர் அந்த முதல் மருத்துவமனைக்குப் போனபோது காலில் போர்வை போர்த்தியிருந்தது. வலி விலாவில் என்பதால் காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.