மார்ஜின் 8 சதவீதம் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கையில் என்ன மிஞ்சும்?

ஈரோட்டுப் பக்கம் மசாலாத் தூள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்துக்காகத் திருமங்கலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் தேடப் போயிருந்தோம். "மத்தவங்க 6 தர்றாங்க, நாங்க 8 தர்றோம் அண்ணாச்சி" என்று உரிமையாளர் ஆரம்பித்தார். அண்ணாச்சி அசையவில்லை. "பணம் எத்தனை நாள்ல திரும்பும்னு சொல்லுங்க தம்பி" என்றார்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. மாதம் 3 லட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் விலையில் 8 சதவீதம் என்றால் 24,000 ரூபாய். வண்டி, டெலிவரி ஆள், கிடங்கு எல்லாவற்றிலும் நம் சரக்கின் பங்காக 14,000 கழித்தால் மிச்சம் 10,000. இனி அவர் போட்ட முதலைப் பாருங்கள். 15 நாள் சரக்கு கிடங்கில் இருந்தால் ஒன்றரை லட்சம். கடைக்காரர்களுக்கு 21 நாள் கடன் விட்டால் 2.1 லட்சம். நாம் இன்னும் தீர்க்காத டேமேஜ், எக்ஸ்பைரி கிளெய்ம் 15,000. மொத்தம் 3.75 லட்சம் முடங்கி மாதம் 10,000 வருகிறது, அதாவது சுமார் 2.7 சதவீதம். அவருக்கு இது கட்டுப்படியாகும்.

மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக நாம் சரக்கைத் தள்ளி, கிடங்கில் 30 நாள் இருப்பு சேர்ந்துவிட்டால் முதல் 5.25 லட்சம் ஆகிறது. லாபம் அதே 10,000 தான். 1.9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மார்ஜின் குறையவில்லை, ஆனால் அடுத்த மாதம் அவர் போனை எடுக்க மாட்டார். அதனால் ப்ரொபோசலில் சதவீதத்தோடு நிற்காமல் இந்தக் கணக்கையும் எழுதுங்கள். இருப்பு 15 நாளுக்கு மேல் போனால் புது பில் போட மாட்டோம், கிளெய்மை 30 நாளில் தீர்ப்போம் என்றும் எழுதுங்கள். டார்கெட்டையும் அவர் நம்மிடம் எடுப்பதை வைத்துப் போடாமல், அவர் கடைகளுக்கு விற்பதை வைத்துப் போடுங்கள்.

ஏரியா விஷயத்தில்தான் எங்களுக்கே சறுக்கியது. ஆசையில் மதுரை மாவட்டம் முழுக்க அவருக்கே என்று எழுதிவிட்டோம். அவரிடம் இருந்தது ஒரே வண்டி. திருமங்கலம், உசிலம்பட்டி லைன் வாரா வாரம் ஓடியது. மேலூர்ப் பக்கம் வண்டி போகவே இல்லை, வேறு ஆளைப் போடவும் வழியில்லை. இப்போதெல்லாம் லைன் பெயரையும் வண்டி போகும் கிழமையையும் எழுதி, அந்த லைன்களுக்கு மட்டுமே தனி உரிமை தருகிறோம். மற்ற ஊர்களுக்கு ஆறு மாதம் அவருக்கு முதல் வாய்ப்பு, அவ்வளவுதான்.

அப்புறம், மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளை மறக்கக் கூடாது. அங்கே ஆஃபரில் கொடுத்த பெட்டி நாலே நாளில் திருமங்கலம் கடையில் அண்ணாச்சி விலையைவிடக் குறைவாக வந்து உட்காரும். முதலில் அவர் நம்மைத்தான் சந்தேகப்படுவார். பெட்டியில் பேட்ச் எண்ணைப் பார்த்தால் யாருக்கு பில் ஆனது என்று தெரிந்துவிடும், நாம் அதை ஏரியாவாரியாகக் குறித்து வைத்திருந்தால்.