மிஷின் 'ஷாக் வேண்டாம்' என்று சொன்னால்

"மிஷினே வேண்டாம்னு சொல்லிருச்சு டாக்டரம்மா. அதான் கைய எடுத்துட்டோம்."

மண்டபம் ஊர்ப் பக்கம் மீன் ஏலக்கூடத்தில் விழுந்த ஒருவரை எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்த காலையில், அவருடைய மாப்பிள்ளை என்னிடம் சொன்னது இது. விடியற்காலையில் கரைக்கு வந்த படகிலிருந்து மீன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஐம்பது வயதுக்காரர் சத்தமே இல்லாமல் சரிந்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு நெஞ்சை அழுத்தத் தெரியும். உடனே ஆரம்பித்துவிட்டார். படகு உரிமையாளர் ஒருவர் வாங்கி வைத்திருந்த, இதயத்தின் துடிப்பைத் தானே பார்த்து மின்சார ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி. கருவியும் கொட்டகையில் இருந்தது. ஈரமாயிருந்த மார்பைத் துண்டால் துடைத்து, வலது காறை எலும்புக்குக் கீழே ஒன்றும் இடது அக்குளுக்குக் கீழே ஒன்றுமாகப் பட்டைகளை ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் துடைப்பு முக்கியம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரத்தோடு ஒட்டினால் பட்டையும் சரியாகப் பிடிக்காது, ஷாக்கும் இதயத்தை விட்டுவிட்டுத் தோல்மேலேயே ஓடிவிடும்.

கருவி முதல் தடவை ஷாக் கொடுத்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, "நோ ஷாக் அட்வைஸ்டு" என்றது. அழுத்தல் நின்றுபோனது அங்கேதான்.

ஏ.இ.டி. தான் பார்த்த துடிப்புக் கோட்டைத் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு அதைக் கணினியில் எடுத்துப் பார்த்தேன். முதல் பகுதியில் ஒழுங்கே இல்லாத கிறுக்கல். இதற்கு வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். அதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க் கரைவலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் கயிற்றை இழுத்தால் எத்தனை பேர் நின்றாலும் வலை நகராது. இதயத் தசையும் அப்போது அப்படித்தான் துடிதுடிக்கிறது, ரத்தம் ஒரு சொட்டும் வெளியே போவதில்லை. ஷாக் என்பது எல்லோரையும் ஒரே நொடியில் கயிற்றை விடவைக்கும் அதட்டல். எல்லோரும் விட்டபின், இழுப்புக்குத் தாளம் கொடுக்கும் அம்பாப் பாட்டைப் பாடுகிறவர் மறுபடி எடுத்துக் கொடுக்க வாய்ப்புக் கிடைக்கிறது. அந்தப் பாட்டுக்காரர் இதயத்திலேயே இருக்கிறார், சைனஸ் முனை என்று பெயர். ஷாக் இதயத்தை 'ஸ்டார்ட்' பண்ணுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது நிறுத்துகிறது.

இன்னொன்று, நாடி இல்லாத வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா. எல்லோரும் ஒன்றாகத்தான் இழுக்கிறார்கள், ஆனால் மூச்சுவிடாத வேகத்தில். இதய அறைக்குள் ரத்தம் நிரம்பவே நேரமில்லை. இந்த இரண்டுக்கும் ஷாக் உண்டு.

நேர்க்கோடு வேறு கதை. கயிற்றில் ஆளே இல்லை, யாரை அதட்டுவது? சினிமாவில் நேர்க்கோட்டைப் பார்த்ததும் ஷாக் வைத்து ஆளை எழுப்புகிறார்கள். அதை நம்பி என்னிடம் சண்டைக்கு வந்த உறவினர்கள் உண்டு. நாலாவது வகைதான் ஏமாற்றுக்காரன். பாட்டு ஒழுங்காகக் கேட்கிறது, இழுக்க ஆட்களுக்குத் தெம்பில்லை. ஈ.சி.ஜி.யில் வரிசையாக அலை வரும், கழுத்தில் கை வைத்தால் நாடி இருக்காது. இதைப் பி.இ.ஏ. என்போம்.

சரி, கருவி இதையெல்லாம் எப்படிப் பிரிக்கிறது? முதலில் இரண்டு பட்டைகளுக்கும் இடையே உடம்பின் மின்தடையை அளந்து, பட்டை நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளும். அப்புறம் கோட்டைச் சில நொடித் துண்டுகளாக வெட்டிப் பார்க்கும். பல கருவிகளில் மூன்று நொடிக்கு ஒரு துண்டு. மூன்றில் இரண்டு துண்டாவது 'ஷாக்' என்று சொன்னால்தான் மின்னேற்றும். ஒவ்வொரு துண்டிலும் அது கேட்கும் கேள்விகள் எளியவை. அலை எவ்வளவு உயரம்? நிமிடத்துக்கு எத்தனை? வடிவம் கூர்மையாக, திரும்பத் திரும்ப ஒன்றுபோல வருகிறதா, இல்லை குழப்பமா? அலைக்கும் அலைக்கும் நடுவே கோடு அமைதியாகக் கிடக்கிறதா? உயரம் 0.1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே, அதாவது ஈ.சி.ஜி. தாளில் ஒரு சின்னக் கட்டத்துக்கும் குறைவாக இருந்தால் அதை நேர்க்கோடு என்றே எடுத்துக்கொள்ளும். நடுவில் அமைதியான கோடும் ஒரேமாதிரி அலைகளும் தெரிந்தால், ஒழுங்கான துடிப்பு என்று முடிவு செய்து ஷாக்கைத் தடுத்துவிடும். ஒழுங்கான துடிப்பின்மேல் தப்பான நொடியில் ஷாக் விழுந்தால் அதுவே கிறுக்கலைக் கிளப்பிவிடும். அதனால் சந்தேகம் வந்தால் கருவி ஷாக் கொடுக்காத பக்கமே சாயும்.

இதில் ஒரு கேள்வி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நாடி இருக்கிறதா என்று அது கேட்கவே இல்லை. கேட்கவும் முடியாது. அதற்குத் தெரிந்தது மின்சாரம் மட்டும். பிழைத்து எழுந்து உட்கார்ந்தவருக்கும் 'ஷாக் வேண்டாம்' என்றுதான் சொல்லும், பி.இ.ஏ.வில் கிடப்பவருக்கும் அதையேதான் சொல்லும், நேர்க்கோட்டுக்கும் அதேதான்.

ஏலக்கூடத்தில் நடந்ததும் அதுதான். ஷாக்குக்குப் பிறகு கோட்டில் அகலமான அலைகள், நிமிடத்துக்கு நாற்பது போல, மெதுவாக வந்துகொண்டிருந்தன. பாட்டு திரும்பிவிட்டது, தெம்பு வரவில்லை. அப்போது அழுத்திக்கொண்டே இருந்திருந்தால் இதயத்தின் சொந்த ரத்தக்குழாய்களுக்குள் கொஞ்சம் ரத்தம் போய்க்கொண்டிருக்கும். அழுத்துகிற நேரத்தில் கோட்டில் பெரிய பெரிய குன்றுகள் தெரியும். 'வேண்டாம்' என்ற குரலுக்குப் பிறகு ஒன்றேகால் நிமிடம் குன்றே இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் "முடிஞ்சிருச்சு" என்றார்களாம், மீதிப் பேர் "சரியாயிருச்சு" என்றார்களாம். அந்த ஒன்றேகால் நிமிடத்துக்குள் அலைகள் அகன்று, தளர்ந்து, மறுபடி கிறுக்கலாயின. நல்லவேளையாக 108 வந்தது. அதில் வந்தவர் உடனே அழுத்தத் தொடங்கினார், அடுத்த பார்வையில் கருவி ஷாக் சொன்னது. அதற்குப் பின் இரண்டு நிமிடம் அழுத்தியதும் கழுத்தில் நாடி தட்டியது. மதுரைக்கு அனுப்பி அடைப்பை எடுத்தோம்.

மாப்பிள்ளையிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, அது 'ஷாக் வேண்டாம்'னுதான் சொல்லுச்சு, 'அழுத்த வேண்டாம்'னு சொல்லல." குரல் முடிந்த நொடியே மார்பின் நடுவில் கை போக வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அடுத்த இரண்டு நிமிடம் கருவி தானாகப் பேசும்வரை. ஆள் அசைந்தால், ஒழுங்காக மூச்சுவிட்டால் மட்டும் நிறுத்தலாம். மீன் தரையில் வாய் திறப்பது போல விட்டு விட்டு வரும் இழுப்பை மூச்சு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

கருவி பார்க்கும்போது ஆளைத் தொடக்கூடாது என்பதும் சும்மா இல்லை. அழுத்தலின் குன்றுகள் கிறுக்கலை ஒழுங்கு போலவும், ஒழுங்கைக் கிறுக்கல் போலவும் காட்டிவிடும். ஓடும் குட்டியானையில், என்ஜின் ஓடும் வள்ளத்தில் வைத்துப் பார்த்தாலும் இதே தொல்லைதான். வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, பத்துப் பதினைந்து நொடி பொறுக்க வேண்டும்.

கடலில் மூழ்கியவரிடம் இந்தக் கருவி பெரும்பாலும் 'வேண்டாம்' என்றே சொல்லும். அங்கே இதயம் குழம்பி நிற்பதில்லை. காற்றில்லாமல் மெதுவாகி மெதுவாகி ஓய்கிறது. பாசி எடுக்கப் போய் மூழ்கிய ஒரு அக்காவைக் கரையில் போட்டு, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்த்துக்கொண்டே, கருவியைத் தேடி ஆள் அனுப்பிக் காத்திருந்தார்கள். அவருக்கு வேண்டியிருந்தது மூச்சு. தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் இரண்டு ஊதல், நெஞ்சு எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டு. பிறகு முப்பது அழுத்தம், இரண்டு ஊதல் என்று போக வேண்டும். கருவி வந்தால் துடைத்து ஒட்டலாம், அதுவரை கை நிற்கக்கூடாது. அந்த அக்கா எங்களிடம் வந்தபோது கோடு நேராகத்தான் இருந்தது.