100 ரூபா பாக்கெட்டு கடைக்குப் போனப்ப

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு கணக்கு எழுத சொல்லிக் குடுக்கறதும், தொழில் ஆரம்பிக்கறவங்களுக்கு விலை போட்டுக் குடுக்கறதும்தான் என் வேலை, கோபி, அந்தியூர், பவானி பக்கம்தான் பெரும்பாலும் சுத்துவேன். பொருள் நல்லா இருக்கும், செய்யறவங்க கைப்பக்குவமும் நல்லா இருக்கும், ஆனா வீட்டுல இருந்து கடைக்குப் போற அந்த ஒரு எட்டுல தொழில் படுத்துரும், இதை நெறைய குழுவுல பாத்துட்டேன். அதுல ஒரு குழுவோட சத்துமாவு கதைய முழுசா சொல்றேன், எண்ணெல்லாம் அவங்க நோட்டுல இருந்ததுதான். ஊரு பேரு வேண்டாம்.

குழுவுல 14 பேரு. அதுல அஞ்சு பேரு மட்டும் சேந்து சத்துமாவு போட்டாங்க. ராகி, கம்பு, சோளம், கோதுமை, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, நெலக்கடலை, கொஞ்சம் முந்திரி, ஏலக்காய். தானியத்த ஊற வெச்சு மொளை கட்டி காயப்போட்டு வறுத்து மில்லுல அரைச்சு, அரை கிலோ பாக்கெட்டு 100 ரூபான்னு அக்கம்பக்கத்துல, சொந்தக்காரங்களுக்கு, பள்ளிக்கூட டீச்சர்களுக்கு குடுத்துட்டு இருந்தாங்க. வாரத்துக்கு 20 கிலோ, அதாவது 40 பாக்கெட்டு. எல்லாம் கைக்காசு. இந்த நிலைமையில அவங்களுக்கு ஒரு கொறையும் தெரியல, ஏன்னா மாசக் கடைசியில டப்பாவுல காசு இருந்துச்சு.

அப்பறம் மாவட்டத்துல நடந்த கல்லூரிச் சந்தையில ஸ்டால் போட்டாங்க, மூணு நாளுல 200 பாக்கெட்டு போயிருச்சு. அங்கதான் தப்புக் கணக்கு ஆரம்பம். கண்காட்சியில வாங்கறவங்க ஒரு தடவ வாங்குவாங்க, அடுத்த மாசம் நம்ம வீட்டைத் தேடிட்டு வர மாட்டாங்க, அந்த விற்பனைய வெச்சு உற்பத்திய பெருசாக்கக் கூடாது. ஆனா இவங்க அந்த சூட்டோட பேங்க் கடன்ல இருந்து தொழிலுக்குன்னு 1 லட்சம் எடுத்து, 12 மளிகைக் கடையில பேசி, கடைக்கு வாரம் 10 பாக்கெட்டுன்னு போட ஆரம்பிச்சிட்டாங்க. நாலு மாசம் கழிச்சு எனக்கு போன் வருது, "ஏனுங்க்கா, வேலை மூணு மடங்கு ஆயிருச்சு, டப்பாவுல ஒண்ணுமில்லீங்க, தவணை கட்டறதுக்கு சேமிப்புல கை வெக்கலாம்னு பேசறாங்க, வந்து பாருங்க"ன்னு.

போய் ஆசாரத்துல பாய் விரிச்சு உக்காந்து ஒட்டுக்கா கணக்குப் போட்டோம். 20 கிலோ மாவுக்கு 24 கிலோ தானியம் வேணும், மொளை கட்டி காஞ்சு வறுத்து சலிச்சு வர்றதுல அவ்வளவு கழிஞ்சிரும். அதுக்கு 2,400 ரூபா. மில்லு கூலி 200, கேஸ் 120, கவரும் ஸ்டிக்கரும் பாக்கெட்டுக்கு 7 ரூபா மேனிக்கு 280. மொத்தம் 3,000, 40ஆல வகுத்தா பாக்கெட்டுக்கு 75 ரூபா. 100க்கு வித்தா 25 லாபம்னு அவங்க நெனச்சது இதைத்தான். "இதுல உங்க கூலி எங்கீங்க"ன்னு கேட்டேன். ஒருத்தரும் பேசல. அப்பறம் ஒரு அம்மா, "நம்ம வேலைக்கு நாமளே என்னங்க கூலி போடறது"ன்னாங்க.

அந்த வார்த்தைதான் பெரும்பாலான குழுத் தொழில சாப்பிடுது. 20 கிலோவுக்கு நாலு ஆள் நாள் வேலை இருக்கு. அதே அம்மா மஞ்சக் காட்டுக்கு களை வெட்டப் போனா ஒரு நாளைக்கு 350 வாங்கறாங்க. நாலு நாளைக்கு 1,400, பாக்கெட்டுக்கு 35. அப்ப அடக்கம் 75 இல்ல, 110. வீட்டுல 100க்கு வித்தப்பவே பாக்கெட்டுக்கு 10 ரூபா இவங்க கையில இருந்து போட்டுத்தான் வித்திருக்காங்க, அது கூலியில மறைஞ்சு கெடந்ததால கண்ணுக்குத் தெரியல.

கடைக்குப் போனதும் அது வெளிய வந்துருச்சு. கடைக்காரர் 20 சதவீதம் கேப்பாரு, அது நியாயமான கேள்விதான், அவருக்கு கரண்ட் பில்லு வாடகை எல்லாம் இருக்கு. 100 ரூபா பாக்கெட்டுக்கு இவங்க கைக்கு 80 வரும். 75 செலவு, வண்டிக்கு 3, மிச்சம் 2 ரூபா. வாரம் 120 பாக்கெட்டுக்கு 240 ரூபா. அதுக்கு மூணு தடவையா 20 கிலோ போட்டு 12 ஆள் நாள் உழைச்சிருக்காங்க. நாளுக்கு 20 ரூபா. இதை நோட்டுல எழுதி திருப்பிக் காட்டினப்ப யாருக்கும் தொண்டையில சத்தம் வரல, எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு.

அந்த 240உம் கையில வந்துச்சான்னா அதுவும் இல்ல. கடைக்காரங்க முக்காவாசிப் பேரு "வித்ததும் தர்றேன்"தான். வாரம் 120 பாக்கெட்டுன்னா 9,000 ரூபா சரக்கு வெளிய போகுது, நாலு வாரம் காசு வரலீன்னா 36,000 ரூபா கடை அலமாரியில உக்காந்திருக்கு. ஆனா பேங்க் தவணை மாசாமாசம் தேதி தவறாம வரும், தானியக் கடைக்காரர் கையில காசு குடுத்தாத்தான் மூட்டைய எறக்குவாரு. பொருள் விக்காம தொழில் நிக்கலீங்க, வித்த காசு திரும்பி வர்ற நாளுக்கும் கட்ட வேண்டிய நாளுக்கும் நடுவுல இருந்த பள்ளத்துல நின்னுச்சு. அந்தப் பள்ளத்துக்கு எவ்வளவு வேணும்னு கடன் எடுக்கறதுக்கு முன்னாடியே போட்டுப் பாக்கோணும், இவங்க கடன்ல பாதிய வறுக்கற பாத்திரம், தராசு, சீல் போடற மெஷின்னு வாங்கிட்டாங்க.

சேமிப்புல கை வெக்கற பேச்ச அன்னிக்கே நிறுத்தச் சொன்னேன். அந்தச் சேமிப்பு 14 பேரோடது, தொழில் அஞ்சு பேரோடது. கடனுக்கு மொத்தக் குழுவும் பொறுப்பு, அதனால தொழிலுக்கு தனி நோட்டு, தனி பேங்க் கணக்கு, யாரு எவ்வளவு எடுத்தாங்க எப்ப கட்டறாங்கன்னு தீர்மான நோட்டுல எழுதி எல்லாரும் கையெழுத்து. வருஷக்கணக்கா ஒண்ணா இருந்த குழு இந்த ஒரு எழுத்து இல்லாம ஒடஞ்சு போனத பாத்திருக்கேன், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

அடுத்து திரும்பி வந்த பாக்கெட்டு. பொடக்காலியில ஒரு சாக்குல 60, 70 கெடந்துச்சு. பிரிச்சு மோந்து பாத்தா காறல் வாடை, சிலதுல கட்டி கட்டியா, ரெண்டு மூணுல வண்டு. மூணுக்கும் காரணம் வேற வேற. காறல் வாடை நெலக்கடலை முந்திரியில இருக்கற எண்ணெய்யால, வெயில் படற மாதிரி கடை முன்னாடி தொங்க விட்டா சீக்கிரமே வந்துரும், அதுவும் சாதா பிளாஸ்டிக் கவர்ல காத்து உள்ள போயிட்டே இருக்கும். கட்டி பிடிக்கறது ஈரத்தால. மொளை கட்டின தானியம் வெளிய காஞ்ச மாதிரி இருக்கும், கடிச்சுப் பாத்தா டக்குனு ஒடையாம நசுங்கும், அப்ப உள்ள இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு மில்லுல இருந்து வர்ற மாவு சூடா இருக்கும், அதை அப்படியே கவர்ல போட்டு சீல் வெச்சா உள்ள வேர்த்துரும். வண்டு, தானியத்துல முட்டையா இருந்து சரியா வறுபடாம தப்பிச்சதாவும் இருக்கலாம், அரைச்ச மாவ தெறந்து வெச்சதுலயும் வந்திருக்கலாம்.

அதனால மாத்தினது: தானியத்த தனித்தனியா வறுக்கறது, நெலக்கடலைய எடுத்துட்டு பொட்டுக்கடலைய கூட்டினது, மாவ வெள்ளைத் துணியில பரப்பி மேல ஒரு துணி போட்டு மூடி சுத்தமா ஆறினப்பறம் சலிச்சு பேக் பண்றது, உள்ள அலுமினியத் தாள் வெச்ச கவர். கவர் மட்டும் பாக்கெட்டுக்கு 3 ரூபா கூடிருச்சு. மில்லுல முன்னாடி மொளகா அரைச்சிருந்தா மாவுல காரம் ஏறிரும், அதனால வெள்ளென போய் மொத அரைவை நம்மளோடதுன்னு மில்லுக்காரர்கிட்ட பேசி வெச்சாங்க. ஒவ்வொரு தடவயும் ரெண்டு பாக்கெட்டு எடுத்து ஒண்ணு சமையக்கட்டுலயும் ஒண்ணு வெயில் படற ஜன்னல்லயும் வெச்சு 15 நாளைக்கு ஒருக்கா பிரிச்சு மோந்து ருசி பாத்து திரும்ப சீல் வெக்கறாங்க. முன்னாடி ஸ்டிக்கர்ல "6 மாதம்"னு போட்டிருந்தாங்க, ஏன்னா கடையில இருந்த வேற கம்பெனி பாக்கெட்டுல அப்படி இருந்துச்சாம். இப்ப ஜன்னல் பாக்கெட்டு தாங்கின நாளுக்கும் கம்மியா, 2 மாசம்னு போடறாங்க.

ஸ்டிக்கர்ல இன்னொரு வம்பு இருந்துச்சு. உணவுப் பாதுகாப்பு பதிவு இருக்கு, 14 இலக்க எண்ணும் போட்டிருந்தாங்க, ஆனா சிரிக்கற கைக்கொழந்தை படமும் போட்டு "6 மாதக் குழந்தை முதல்"னு எழுதியிருந்தாங்க. ரெண்டு வயசுக்குள்ள கொழந்தைங்களுக்கான உணவுன்னு விக்கறதுக்கு 1992ல வந்த சட்டம் தனியா இருக்கு, லேபிள்ல கொழந்தை படமே போடக் கூடாது. சாதாரண பதிவ வெச்சுட்டு அப்படி விக்க முடியாது. சுகர் கொறையும் மூட்டுவலி போகும்னு எழுதறதும் அப்படித்தான். படத்த எடுத்துட்டு, என்னென்ன போட்டிருக்கோம்னு அதிகமா இருக்கறதுல இருந்து கம்மியா இருக்கறது வரைக்கும் வரிசையா எழுதி, தயாரிச்ச தேதி, தொகுதி எண், எடை, விலை எல்லாம் தெளிவா போட்டோம்.

இனி விலை. அரை கிலோ 160ன்னு வெச்சோம், "அய்யோ யாருங்க வாங்குவாங்க"ன்னு பயந்தாங்க. கடைக்கு 20 சதவீதம் போக 128. மூணு தடவையா 20 கிலோ போடறத விட்டுட்டு ஒரே மூச்சுல 60 கிலோ போட்டதுல 12 ஆள் நாள் வேலை 8ஆ கொறஞ்சுது, கூலி பாக்கெட்டுக்கு 23 ஆச்சு. பொருள், கவர் எல்லாம் 78, வண்டிக்கும் திரும்பி வர்றதுக்கும் சேத்து 8. ஆக 109. கடையில வித்தாக்கூட 19 நிக்குது, கூலி போக. நேரா விக்கற பாக்கெட்டுல இன்னும் நல்லா நிக்கும், ஆனா ஒண்ணு சொல்லிட்டேன், வீட்டுல 130க்கு குடுக்காதீங்க. கடைக்காரர் காதுக்கு அது ஒரே வாரத்துல போயிரும், அப்பறம் அவரு நம்ம பாக்கெட்ட கீழ் அலமாரிக்கு எறக்கிருவாரு.

விலை ஏத்தினதும் 12 கடையில நாலு கடை வேண்டாம்னுட்டாங்க. மூணு கடைய நாங்களே விட்டுட்டோம், காசு இழுக்கற கடை. மீதி அஞ்சுல ஒரே சட்டம்: போன வார பில்லுக்கு காசு வந்தாத்தான் இந்த வார சரக்கு. கடைக்கு ஒரு பக்கம் வீதம் நோட்டு, போட்டது, வித்தது, மிச்சம், திரும்பினது, பழைய தேதி பாக்கெட்ட முன்னாடி நகத்தி வெக்கறது. மொத ரெண்டு மாசம் வாரத்துக்கு 70 பாக்கெட்டுதான் போச்சு. அப்பறம் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போற பொண்ணுங்க தங்கற ஹாஸ்டல் ஒண்ணுல காலைக் கஞ்சிக்கு வாரம் 25 கிலோ கேட்டாங்க, 5 கிலோ பையில, ஸ்டிக்கர் கவர் செலவெல்லாம் கம்மி, செவ்வாய்க்கெழம சரக்கு, வெள்ளிக்கெழம காசு. அது வந்தப்பறம்தான் அஞ்சு பேருக்கும் எந்த நாள் வேலை எந்த நாள் கூலின்னு நிலையாச்சு.

ஆனா ஒரே ஹாஸ்டல் கிட்டத்தட்ட பாதி வியாபாரத்த தாங்கறது எனக்குப் பிடிக்கல, தீபாவளிக்கு பத்து நாள் லீவு விட்டா அந்த வாரம் கூலி இல்ல, நோம்பிக்கு பொண்ணுங்க ஊருக்குப் போனாலும் அப்படித்தான். இப்ப ரெண்டாவதா ஒரு எடம் பேசிட்டு இருக்காங்க.

போன வாரம் போயிருந்தப்ப சொந்தமா அரைக்கற மெஷின் வாங்கலாமான்னு கேட்டாங்க, ஒன்றரை லட்சமாம். மில்லுக்கு இப்ப வாரம் 600 போகுது, மாசம் 2,400. மெஷின் வாங்கினா மூணு வருசக் கடனுக்கு தவணையே மாசம் 5,000 கிட்ட வரும், அதுக்கு மேல கரண்ட், ரிப்பேர். வாரம் 150 கிலோ தாண்டட்டும், அப்ப மில்லுக் கூலியே மாசம் 6,000 ஆகும், அன்னிக்கு மறுபடி இதே பாயில உக்காந்து பேசிக்கலாம்னு சொல்லிட்டு வந்தேன். "அப்ப வர்ற ஆடிக்குள்ள பாக்கலாங்க்கா"ன்னாங்க அந்த அம்மா, கூலி கேட்டப்ப பேசினவங்கதான், இப்ப நோட்டு அவங்க கையிலதான் இருக்கு.