மார்ஜின் என்றால் வரம்பு அல்ல, மிச்சம்

போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு சிறுதொழில் பயிற்சிக்குப் போயிருந்தேன். வந்தவர்கள் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கியது. மூன்றாவது பத்தியில் இப்படி ஒரு வாக்கியம்: 'மொத்தத் தள்ளுபடிகள் உங்கள் இலாப வரம்பை அரிக்கின்றன.'

எனக்குப் பக்கத்தில் பிறையில் கறித்தூள் அரைத்து விற்கும் அக்கா ஒருவர் இருந்தார். தாளை இரண்டு முறை படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இந்த வரம்பை யாரு வைக்கிறது? அரசாங்கமா?"

அவர் கேள்வியில் தவறே இல்லை. தவறு தாளில் இருந்தது. இதே 'இலாப வரம்பு' இந்த ஆண்டில் என் கண்ணில் படுவது மூன்றாவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆங்கிலத் தாளில் அந்த இடத்தில் இருந்த சொல் மார்ஜின். அது இலத்தீனிலிருந்து வந்தது. முதலில் அதன் பொருள் ஓரம், விளிம்பு. தாளின் ஓரத்தில் விடும் வெற்றிடத்துக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு எதிலும் தேவைக்கு மேல் விட்டு வைக்கும் இடத்துக்கு ஆகி, வியாபாரத்தில் விற்ற விலைக்கும் அடக்க விலைக்கும் நடுவில் நிற்கும் தொகைக்கு வந்து சேர்ந்தது. சொல்லின் வரலாறு இவ்வளவு போதும். நாம் தமிழில் சொல்ல வேண்டியது கடைசிப் பொருளை. மொழிபெயர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டிருப்பது முதல் பொருளை.

'இலாப விளிம்பு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. விளிம்புக்கு அகலம் கிடையாது. கிண்ணத்தின் விளிம்பில் எதையும் போட்டு வைக்க முடியாது, அதிலிருந்து எதையும் எடுக்கவும் முடியாது. வியாபாரியின் மார்ஜினோ எண்ணிப் பார்க்கும் பணம். அதிலிருந்துதான் கடை வாடகை, ஆள் சம்பளம், வேன் செலவு எல்லாம் போகிறது.

'வரம்பு' இதைவிட மோசம், ஏனென்றால் அது படிப்பவருக்குப் புரிந்துவிட்டது போலத் தோன்றும். வயலில் வரப்பு, பேச்சில் வரம்பு, வேக வரம்பு, வயது வரம்பு: எங்கே வந்தாலும் இதைத் தாண்டாதே என்பதுதான் அதன் பொருள். நம் மலேசியாவில் இந்தக் குழப்பம் வெறும் சொல் குழப்பமாக நிற்காது. 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு மற்றும் கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தீபாவளி, நோன்புப் பெருநாள் காலங்களில் சில பொருள்களுக்கு அரசாங்கமே உச்ச விலை நிர்ணயிக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மளிகைக்காரரிடம் 'உங்கள் இலாப வரம்பு 30 விழுக்காடு' என்றால் அவர் என்ன நினைப்பார்? அதற்கு மேல் வைத்தால் அமலாக்க அதிகாரி வருவார் என்றுதான் நினைப்பார். அக்காவும் அதைத்தான் நினைத்தார். தன் கையில் இருக்கும் பணத்தைக் குறிக்கும் சொல், யாரோ மேலே இருந்து போட்ட கோடாக அவருக்குத் தெரிந்தது.

அப்புறம் அந்த 'மொத்தத் தள்ளுபடி'. மொத்தமாக வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் குறைப்பு என்று சொல்ல வந்திருக்கிறார்கள். ஆனால் தமிழில் கடன் தள்ளுபடி என்றால் கடன் இனி இல்லை, மனு தள்ளுபடி என்றால் மனு போயிற்று. மொத்தத் தள்ளுபடி என்றால் முழுசாக விட்டுக்கொடுத்தது என்றும் படிக்கலாம். 'மொத்த' என்ற சொல்லுக்கோ வியாபாரத் தமிழில் வேலை அதிகம். மொத்த வியாபாரம், மொத்தத் தொகை, செலவு கழிக்காத மொத்த இலாபம் என்று மூன்று இடத்தில் அது நிற்கிறது. அந்தத் தாளின் பின்பக்க அட்டவணையில் 'மொத்த விற்பனை' என்று ஒரு கட்டம். சில்லறை அல்லாத விற்பனையை எழுதுவதா, எல்லாவற்றையும் கூட்டி எழுதுவதா? அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த நான்கு பேரில் இருவர் ஒரு மாதிரியும் இருவர் வேறு மாதிரியும் நிரப்பினார்கள். அங்கே எழுதும் தொழில் திட்டத்தின் முதல் எண்ணே இப்படி நின்றால் மற்ற எண்கள் என்ன ஆகும்?

மலேசியாவில் நமக்கு 'கழிவு' என்ற நல்ல சொல் பழக்கத்தில் இருக்கிறது. தீபாவளி நேரத்தில் பினாங்கு லிட்டில் இந்தியாவில் நடந்தால் துணிக்கடை வாசலில் '50 விழுக்காடு கழிவு' என்று தொங்கும். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அங்கே கழிவு என்றால் கழிவுநீர்தான் நினைவுக்கு வரும். நான் இதை ஏற்கமாட்டேன். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளை படிப்பது சேர்த்தல், கழித்தல். விலையில் ஒரு பகுதியைக் கழிப்பது கழிவு. மலாய்க்காரர்கள் 'போத்தோங்' என்று சொல்வதும் வெட்டிக் குறைப்பதைத்தான். கூச்சமாக இருந்தால் இலங்கைத் தமிழர் எழுதுவது போல 'விலைக்கழிவு' என்று எழுதலாம், எந்தக் குழப்பமும் வராது. அதிக அளவு வாங்குகிறவருக்குக் கொடுப்பதை நான் 'அளவுக் கழிவு' என்கிறேன். கைக்காசு கொடுப்பவருக்கு ரொக்கக் கழிவு என்பது போல, எதற்காகக் கொடுக்கிறோம் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

சரி, மார்ஜினுக்கு என்ன சொல்? தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'ஊதியம்' என்பார்கள். குறளில் ஊதியம் என்றால் இலாபம்தான், ஆனால் இன்றைக்கு அது சம்பளம். திரும்ப இழுத்து வர முடியாது. நான் சொல்வது 'மிச்சம்'. இது நான் உருவாக்கிய சொல் இல்லை. மொத்தக் கடைகளில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதே "கிலோவுக்கு எவ்வளவு மிஞ்சும்? எவ்வளவு நிக்கும்?" என்பதுதான். விற்ற விலையில் அடக்கம் போக மிஞ்சுவது மிச்சம். அதை விலையின் பங்காகச் சொன்னால் மிச்ச விழுக்காடு.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அக்காவின் கணக்கையே பார்ப்போம். அன்று தேநீர் நேரத்தில் தாளின் ஓரத்தில் போட்டது இது. ஒரு கிலோ கறித்தூள் 20 வெள்ளி. மிளகாய், மல்லி, அரைவைக் கூலி, பை, கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு எல்லாம் சேர்த்து அடக்கம் 14. மிச்சம் 6 வெள்ளி, அதாவது விலையில் 30 விழுக்காடு. அக்கா இதை 43 விழுக்காடு என்று வைத்திருந்தார். 14க்கு மேல் 6 வைத்ததால் அப்படி. அது மேல்வைப்பு, அடக்கத்தை வைத்துக் கணக்கிடுவது. ஆங்கிலத்தில் மார்க்கப் என்பார்கள். கழிவோ விலையில் கொடுப்பது. ஆகவே கழிவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது மிச்ச விழுக்காட்டைத்தான். மேல்வைப்பை வைத்துப் பார்த்தால் 43இல் 10 போனாலும் 33 நிற்கிறதே என்று மனம் தேறிவிடும்.

உண்மையில் நடப்பது வேறு. 10 விழுக்காடு கழிவு என்றால் 2 வெள்ளி. விலை 18 ஆகிறது, அடக்கம் அதே 14. மிச்சம் 6இலிருந்து 4. விலையில் பத்தில் ஒரு பங்கு போனது, மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 100 கிலோவில் கிடைத்த 600 வெள்ளி திரும்பக் கிடைக்க 150 கிலோ விற்க வேண்டும். 15 விழுக்காடு கழித்தால் 200 கிலோ. தள்ளுபடி போட்டால் கட்டுபடியாகுமா என்று பெரியவர்கள் கேட்பது இந்த இடத்தைத்தான்.

திட்டத்தில் இது எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அக்கா மாதம் 1,000 கிலோ, கிலோ 20 வெள்ளி என்று எழுதியிருந்தார். மிச்சம் 6,000. வாடகை, சம்பளம் போன்ற நிலைச் செலவு 4,500 போனால் கையில் 1,500. ஆனால் அவருடைய விலைப்பட்டியலில் 50 கிலோவுக்கு 5 விழுக்காடு, 200 கிலோவுக்கு 10 விழுக்காடு கழிவு இருந்தது. பழைய பில்களைப் பார்த்து 300 கிலோ முழு விலைக்கும், 300 கிலோ 19 வெள்ளிக்கும், 400 கிலோ 18 வெள்ளிக்கும் போவதாகப் பிரித்தோம். மிச்சம் 1,800, 1,500, 1,600, கூட்டினால் 4,900. நிலைச் செலவு போகக் கையில் 400 வெள்ளி. விற்பனைத் தொகை 20,000இலிருந்து 18,900 ஆனதுதான், பார்க்கச் சின்ன இறக்கம். கைக்கு வரும் பணமோ ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. திட்டத்தில் ஒரே விலையும் கடையில் மூன்று விலையும் இருந்தால் இப்படித்தான் ஆகும். 'அரிக்கின்றன' என்ற சொல்லில் இந்த அளவு தெரியவே இல்லை. கறையான் அரிப்பது மெதுவாக நடக்கும். இது முதல் பில்லிலேயே நடக்கிறது.

இங்கே இன்னொரு சொல் சண்டையும் இருக்கிறது. இந்த விலைகளை 'விலை அடுக்கு' என்பதா, 'விலைப் படி' என்பதா? இரண்டையும் ஒன்றாக எழுதுகிறார்கள். இரண்டுக்கும் இரண்டு வேலை கொடுக்கலாம் என்பது என் கட்சி. ஒரு படி ஏறினால் வாங்கிய எல்லா கிலோவுக்கும் புது விலை வருவது படி. வருமான வரி போல, எல்லைக்கு மேற்பட்ட கிலோவுக்கு மட்டும் புது விலை வருவது அடுக்கு. அக்கா வைத்திருந்தது படி. அதில் 199 கிலோ வாங்கினால் 3,781 வெள்ளி, 200 கிலோ வாங்கினால் 3,600. ஒரு கிலோ கூடுதலாக எடுத்தவர் 181 வெள்ளி குறைவாகக் கட்டுகிறார். 190 தொட்டவர் எவரும் 200 என்றுதான் ஆர்டர் கொடுப்பார். பில்களில் 190க்கும் 199க்கும் நடுவில் ஒன்றுகூட இல்லாமல், சரியாக 200 மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அதுதான் அடையாளம். அக்காவின் பில் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அவரிடம் வாங்கும் வாழையிலை உணவகக்காரர்கள் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

கழிவே கொடுக்கக் கூடாது என்பதில்லை. பெரிய ஆர்டரில் செலவு எவ்வளவு மிச்சப்படுகிறதோ அதைத் தொட்டுக் கொடுக்கலாம். உணவகத்துக்கு ஒரு கிலோ பைகள் எதற்கு? 10 கிலோ சாக்கில் ஒரே நடையாகக் கொண்டுபோய்ப் போட்டால் கிலோவுக்கு 80 சென் அடக்கம் குறைகிறது என்று அக்காவே கணக்குச் சொன்னார்.

அந்த மாலையே பட்டியலைத் திருத்தினோம். 50 கிலோவுக்கு 3 விழுக்காடு, 200 கிலோவுக்கு 6 விழுக்காடு, அதுவும் சாக்கில் எடுத்தால் மட்டும். அதே அளவு விற்றால் மிச்சம் 5,660, நிலைச் செலவு போகக் கையில் 1,160. அக்கா தாளில் 'இலாப வரம்பு' என்று அச்சிட்டிருந்த கட்டத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே 'மிச்சம்' என்று எழுதி, அதற்குக் கீழே மூன்று வரி பிரித்து 6.00, 5.40, 5.60 என்று நிரப்பினார்.