ராஜினாமா என்ற பெயரில் நடக்கும் ஆட்குறைப்பு

ஆர்டர் இல்லை என்று தொழிலாளர்களை நிறுத்தும் நிர்வாகங்களில் பல, வேலைநீக்க உத்தரவைத் தருவதில்லை; தட்டச்சு செய்து வைத்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டி, கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு முடிக்கப்படும் என்கின்றன. என் வழக்காடும் அனுபவத்தில் தொழிலாளி அதிகம் இழப்பது இந்தக் கையெழுத்தில்தான்.

கோவைப் பகுதியில், நூறு பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்த ஓர் உதிரிபாகத் தொழிற்கூடத்தில் 7 ஆண்டு 8 மாதம் பணியாற்றிய ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அவருக்கு மாதம் 18,000 ரூபாய். கையெழுத்துக்கு ஈடாக அவருக்குத் தருவதாகச் சொன்னது 83,077 ரூபாய் பணிக்கொடை மட்டுமே. அது ராஜினாமா செய்தாலும் அவருக்கு உரியதுதான். நிர்வாகமே ஆட்குறைப்பு செய்யும்போது அதற்கு மேல், காரணம் குறிப்பிட்ட ஒரு மாத எழுத்து அறிவிப்பு அல்லது அந்த மாதச் சம்பளமான 18,000 ரூபாயும், ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் கிடைக்க வேண்டும். ஆறு மாதத்தைத் தாண்டிய மீதிக் காலம் முழு ஆண்டாகக் கணக்கிடப்படும் என்பதால், 9,000 வீதம் எட்டு ஆண்டுக்கு 72,000 ரூபாய் வருகிறது. ஆக, ராஜினாமாவில் கையெழுத்திட்டால் அவர் விட்டுக்கொடுப்பது 90,000 ரூபாய்.

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப் பிரிவில் இருந்த இந்த நிபந்தனைகள், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன. ஆட்குறைப்பு செய்யும் நேரத்திலேயே இழப்பீடு தரப்பட வேண்டும். தராமல் நிறுத்தினால் அந்த ஆட்குறைப்பே செல்லாது என்று பழைய சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் பலமுறை தீர்ப்பளித்துள்ளது. ஆனால் செல்லாது என்றானதும் வேலை தானாகத் திரும்பக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். குறிப்பாகத் தினக்கூலித் தொழிலாளர்களின் வழக்குகளில், மீண்டும் பணியில் அமர்த்துவதற்குப் பதிலாக ஒரு தொகையை வழங்கி நீதிமன்றங்கள் முடித்துவைப்பது உண்டு.

இந்த உரிமைகளைக் கோர, நிறுத்தப்பட்ட நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 240 நாள் வேலை செய்ததை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது. சம்பளத்தோடு கூடிய வார விடுமுறைகளும் இந்தக் கணக்கில் சேரும். வருகைப் பதிவேடு நிர்வாகத்தின் கையில் இருப்பதால், சம்பளச் சீட்டு, வைப்புநிதி பாஸ்புக், இஎஸ்ஐ பதிவு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பவரின் வழக்குதான் நிற்கிறது.

கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கியிருந்தால், அன்றோ மறுநாளோ பதிவு வசதியோடு கூடிய ஸ்பீட் போஸ்டில் மறுப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். மாதக்கணக்கில் தாமதித்து எழுப்பும் மறுப்பை நீதிமன்றம் எளிதில் நம்புவதில்லை. அடுத்து, தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தொழில் தகராறு மனு கொடுக்க வேண்டும். 45 நாளில் தீர்வு ஏற்படாவிட்டால், சங்கத்தின் துணை இல்லாமலேயே தொழிலாளி நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பழைய சட்டம் இதற்கு மூன்றாண்டு அவகாசம் தந்தது. புதிய தொகுப்பில் அது இரண்டாண்டாகக் குறைந்துவிட்டது. மீண்டும் வேலையும், வேலையின்றி இருந்த காலத்துக்கான பின்சம்பளமும் கேட்பவர், நீக்கப்பட்டபின் வேறு வருமானமுள்ள வேலை கிடைக்கவில்லை என்பதை மனுவிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.