ஃபேன் காத்துல இலை ஓரம் மட்டும் ஏன் கருகுது?

மதுரையில எங்க வீட்டு ஹால்ல ஸ்டூல் மேல ஒரு பீஸ் லில்லி செடி இருந்துச்சு. சித்திரை வெயிலுக்கு ஃபேன் ராப்பகலா ஓட ஆரம்பிச்சு பத்து நாள்ல, ஃபேன் பக்கம் இருந்த இலைங்க ஓரமெல்லாம் காபிப்பொடி கலராகி, தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்குச்சு. அம்மா தண்ணி பத்தலனு தினம் ஒரு சொம்பு ஊத்துனாங்க, ஆனா விரலை விட்டுப் பார்த்தா மண்ணு ஈரமாத்தான் இருந்துச்சு, செவுத்துப் பக்கத்து இலைங்களும் பச்சப்பசேல்னு இருந்துச்சு. அப்ப கோளாறு தண்ணியில இல்ல, காத்துல.

இலையோட சின்னச் சின்ன துளை வழியா ஈரம் வெளிய போயிக்கிட்டே இருக்கும். அது நேரா ரூம் காத்துல கலக்காது, இலை மேல அசையாம ஒட்டிக்கிட்டு இருக்குற மெல்லிசான காத்துப் போர்வையைத் தாண்டித்தான் போகணும். நாலு விரல் அகல இலைக்கு, காத்து லேசா அசையுற இடத்துல அந்தப் போர்வை சுமார் 3, 4 மில்லிமீட்டர் இருக்கும், ஃபேன் காத்து படுற இடத்துல 1 மில்லிமீட்டருக்கு வந்துரும். போர்வை மெலிஞ்சா ஈரம் வேகமாப் போகும், வேர் அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாது, மண்ணுல எவ்வளவு தண்ணி இருந்தாலும் சரி. காத்து முதல்ல வந்து மோதுற ஓரத்துலதான் போர்வை ரொம்ப மெல்லிசு, நரம்பு வழியா வர்ற தண்ணி கடைசியா போய்ச் சேருறதும் அங்கதான், அதான் ஓரம் முதல்ல கருகுது. இங்க கோடையில காத்தே வறண்டு கிடக்குறதால இன்னும் மோசம்.

நிறைய பேர் ஃபேனுக்கு நேர் கீழ இல்லாட்டி போதும்னு நினைக்கிறாங்க, அது தப்பு. காத்து கீழ இறங்கி தரையில மோதி நாலா பக்கமும் ஓடி செவுத்துல ஏறி திரும்ப மேல போகுது, அதனால நாலடி தள்ளி தரையில வச்ச தொட்டிக்கும் அடி விழும்.

இடம் பாக்குறதுக்கு நான் ஒரு பழைய கைக்குட்டையை ரெண்டாக் கிழிச்சு நனைச்சு, ஒரே அளவுக்குப் பிழிஞ்சு, ஒண்ணை ஸ்டூல்லயும் இன்னொண்ணை பீரோவுக்குப் பக்கத்துல ஜன்னல் வெளிச்சம் வர்ற மூலையிலயும் இலை இருக்குற உயரத்துல தொங்க விட்டேன். ஃபேன் எப்பவும் ஓடுற ஸ்பீடுதான். ஸ்டூல்ல இருந்தது அரை மணி நேரத்துல காஞ்சிருச்சு, மூலையில இருந்தது ஒரு மணி நேரம் ஆகியும் ஈரம். துணி காயுற வரைக்கும் பொறுமை இல்லைனா இருக்கவே இருக்கு ஊதுபத்தி, புகை மெதுவா அலைஞ்சு மேல போனா செடி வைக்கலாம், ஏத்துன உடனே படுத்துச்சுனா வேண்டாம். கொஞ்சம் கூட காத்து இல்லாத இடமும் ஆகாது, பூஞ்சை வரும்.

ஒரு சந்தேகம் வரலாம். நம்ம போர் தண்ணி உப்பாலயும் நுனி கருகும், ஆனா அது எல்லாப் பக்கமும் வரும், மண்ணு மேல வெள்ளைப் படிவம் தெரியும். அப்பவும் எதுனு புரியலைனா தொட்டியைத் திருப்பி வச்சு ரெண்டு வாரம் பாருங்க, புதுசா காத்துப் பக்கம் வந்த இலைங்க கருகுனா காத்துதான்.

கருகுன ஓரம் திரும்பப் பச்சையாகாது, புது இலையைத்தான் பாக்கணும். மூலைக்கு மாத்துனதுக்கப்புறம் எங்க லில்லி விட்ட மூணு இலையும் ஓரம் சுத்தமா வந்துருக்கு.