குரோமியத்துக்கும் செம்புக்கும் ஒரே காரணம் எழுதாதீர்கள்

பினாங்கில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். எஸ்.டி.பி.எம். நெருங்கும்போது விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் ஒரே வரி தாளுக்குத் தாள் வரும்: "சரிபாதி நிரம்பிய d துணைக்கூடும் முழுவதும் நிரம்பிய d துணைக்கூடும் கூடுதல் நிலைத்தன்மை கொண்டவை." குரோமியம் ஏன் 3d⁴ 4s² ஆக இல்லாமல் 3d⁵ 4s¹ ஆக இருக்கிறது என்றாலும் இதுதான் பதில். செம்பு ஏன் 3d⁹ 4s² ஆக இல்லாமல் 3d¹⁰ 4s¹ ஆக இருக்கிறது என்றாலும் இதுதான். மதிப்பெண் கிடைத்துவிடும், அதில் சந்தேகமில்லை. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. இந்த வரியை இயற்கையின் சட்டம் என்று நம்பிவிட்ட பிள்ளை கார்பனுக்கு 2s¹ 2p³ என்று எழுதுகிறான், Cu²⁺ என்றால் குழம்புகிறான், டங்ஸ்டனைப் பார்த்தால் புத்தகத்தில் அச்சுப்பிழை என்கிறான்.

முதலில் குரோமியம். ஒரே திசையில் ஸ்பின் கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருங்காமல் விலகியே இருக்கும். அதனால் அவற்றுக்கு இடையிலான விலக்கம் குறைகிறது. இப்படி மிச்சமாவதைத்தான் பரிமாற்ற ஆற்றல் என்கிறோம். ஒரே ஸ்பின் உள்ள சோடிகளை எண்ணினால் எவ்வளவு மிச்சம் என்று தோராயமாகத் தெரியும். கையால் எண்ணியே பார்க்கலாம். 3d⁵ 4s¹ இல் ஆறு எலக்ட்ரான்களும் ஒரே திசை. ஆறு பேரில் இரண்டு இரண்டாகச் சேர்த்தால் 15 சோடி. 3d⁴ 4s² இல் மேல்நோக்கி ஐந்து, கீழ்நோக்கி ஒன்று. ஐந்து பேருக்கு 10 சோடி. தனியாக நிற்பதற்குச் சோடி இல்லை. ஆக 15க்கு 10. போதாக்குறைக்கு, ஒரே 4s ஆர்பிட்டாலில் இரண்டு எலக்ட்ரான்களை அடைக்கும் செலவும் 3d⁵ 4s¹ இல் இல்லை.

இதோடு விட்டால் "சரிபாதி நிரம்பிய d" என்ற கதை சரி என்றே தோன்றும். இப்போது ஒரு கேள்வி. 3d⁵ 4s¹ ஐ அப்படியே வைத்துக்கொண்டு, 4s எலக்ட்ரானின் ஸ்பின்னை மட்டும் திருப்பினால் என்ன ஆகும்? d துணைக்கூடு அதே சரிபாதி நிலையில்தான் இருக்கிறது. ஆனால் நிறமாலையில் அளந்தால் அந்த நிலை தரை நிலையைவிட 0.94 எலக்ட்ரான் வோல்ட் மேலே இருக்கிறது. 3d⁴ 4s² இன் மிகத் தாழ்ந்த மட்டம் இருப்பது 0.96 இல். அதாவது, d⁵ கையில் இருந்தும் ஏறக்குறைய அதே அளவு இழப்பு. சோடியை எண்ணிப் பாருங்கள்: 4s திரும்பிக்கொண்டதும் 15 மறுபடி 10 ஆகிவிட்டது. (எண்கள் இவ்வளவு ஒட்டி வந்தது ஓரளவு தற்செயல்தான். d–d சோடியின் மதிப்பும் s–d சோடியின் மதிப்பும் ஒன்றல்ல.) குரோமியத்தைத் தாங்கிப் பிடிப்பது d யின் ஐந்து மட்டுமல்ல, s ஐயும் சேர்த்து ஆறும் ஒரே திசையில் நிற்பது.

இந்த எண்களை நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம். NIST அணு நிறமாலைத் தரவுத்தளத்தில் Cr I என்று தட்டினால் மட்டங்கள் வரிசையாக வரும். இணையம் இருக்கும் எந்த வகுப்பிலும் ஐந்து நிமிட வேலை.

கார்பனுக்கு ஏன் இது பலிக்கவில்லை? அங்கேயும் ஒரு எலக்ட்ரானை 2s இலிருந்து 2p க்கு ஏற்றினால் ஒரே ஸ்பின் சோடி 3 இலிருந்து 6 ஆகிறது. லாபம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 2s க்கும் 2p க்கும் இடையிலான பள்ளம் பெரியது. லாபத்தையெல்லாம் கழித்த பிறகும் அந்த நிலை 4 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் உயரத்தில் நிற்கிறது. குரோமியத்தில் 3d யும் 4s உம் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருப்பதால்தான் சிறு மிச்சம்கூடத் தீர்ப்பை மாற்றுகிறது. அந்த நெருக்கம் கலைந்தால் தீர்ப்பும் கலையும். குரோமியத்துக்கு நேர் கீழே இருக்கும் மொலிப்டினம் 4d⁵ 5s¹ என்று அண்ணன் வழியில் போகிறது. அதற்கும் கீழே டங்ஸ்டன் 5d⁴ 6s². கனமான அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான் மிக வேகமாக ஓடுவதால் வரும் சார்பியல் விளைவு 6s ஐக் கீழே இழுத்துவிடுகிறது. அதை விட்டு வர எலக்ட்ரானுக்கு மனமில்லை. அச்சுப்பிழை ஒன்றுமில்லை.

சரி, செம்புக்கு வருவோம். அதே கணக்கைப் போடுங்கள். 3d¹⁰ 4s¹ இல் ஒரு திசையில் ஆறு, மறு திசையில் ஐந்து: 15 + 10, மொத்தம் 25. 3d⁹ 4s² இல்? d யில் ஐந்தும் நான்கும், s இல் ஒன்றும் ஒன்றும். ஒரு திசையில் ஆறு, மறு திசையில் ஐந்து. அதுவும் 25! குரோமியத்தில் ஐந்து சோடி லாபம் காட்டிய கணக்கு செம்பில் பூஜ்யம் காட்டுகிறது. d–d சோடிக்கு மதிப்பு அதிகம் என்று வாதிடலாம். ஆனால் சிறிய 3d க்குள் பத்தாவது எலக்ட்ரானையும் திணிக்கும்போது கூடும் விலக்கம் அதை விழுங்கிவிடும்.

செம்பில் வேலை செய்வது வேறு. ஸ்காண்டியத்திலிருந்து வலப்புறம் போகப் போக அணுக்கருவின் மின்சுமை ஒவ்வொன்றாகக் கூடுகிறது. 3d எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று சரியாக மறைப்பதில்லை. உள்ளே அடங்கிய 3d வேகமாகக் கீழே இறங்குகிறது. வெளியே பரந்து கிடக்கும் 4s மெதுவாக இறங்குகிறது. வரிசையின் கடைசிக்கு வரும்போது 3d க்குப் போவதே லாபம். செம்புக்கு முந்தைய நிக்கலில் இந்தப் போட்டி ஏறக்குறைய சமநிலை. தரை நிலை 3d⁸ 4s². ஆனால் 3d⁹ 4s¹ இன் அடிமட்டம் வெறும் 0.025 எலக்ட்ரான் வோல்ட் மேலே. மட்டங்களின் சராசரியை எடுத்தால் 3d⁹ 4s¹ தான் கீழே! இன்னும் ஒரு புரோட்டானைச் சேர்த்துச் செம்புக்கு வந்தால் தராசு சாய்ந்துவிடுகிறது: 3d⁹ 4s² 1.39 எலக்ட்ரான் வோல்ட் மேலே போய்விடுகிறது. அது காகிதத்தில் மட்டும் இருக்கும் நிலை என்று நினைக்காதீர்கள். செம்பு ஆவி லேசர் தரும் 510.6 நானோமீட்டர் பச்சை ஒளி அந்த நிலையில் வந்து இறங்கும்போதுதான் பிறக்கிறது.

போன மாதம் ஒரு மாணவி கேட்டாள்: "சார், d¹⁰ அவ்வளவு ஸ்டேபிள் என்றால் காப்பர் சல்பேட்டில் ஏன் Cu²⁺ இருக்கிறது? அது d⁹ தானே?" நல்ல கேள்வி. இதுவரை பேசியதெல்லாம் வாயு நிலையில் தனியாக மிதக்கும் ஓர் அணுவைப் பற்றி. தண்ணீருக்குள் போனால் கணக்கே வேறு. வாயுவில் Cu⁺ இலிருந்து இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 20.3 எலக்ட்ரான் வோல்ட் தேவை. அடுத்த வீட்டுத் துத்தநாகத்துக்கு 18 போதும். d¹⁰ க்குக் கைவிட மனமில்லை என்பது இங்கே தெரிகிறது. ஆனால் சிறிய, இரட்டை மின்சுமை கொண்ட Cu²⁺ ஐத் தண்ணீர் சூழும்போது வெளியாகும் ஆற்றல் Cu⁺ க்கு வருவதைவிட மிக அதிகம். அது அந்தச் செலவை ஈடுகட்டிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் சிவப்பு Cu₂O வை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டுப் பாருங்கள். கரைசல் நீலமாகும், அடியில் பழுப்புச் செம்புத்தூள் படியும். d¹⁰ அயனி இரண்டாகப் பிரிந்து, பாதி Cu²⁺ ஆகவும் பாதி உலோகமாகவும் போய்விட்டது.

அயனி எழுதும்போது முதலில் வெளியேறுவது 4s என்பதை மறக்கவே வேண்டாம். Cu²⁺ என்பது 3d⁹. அதை 3d⁸ 4s¹ என்று எழுதுவது தவறு. Cr³⁺ என்பது 3d³; 3d² 4s¹ என்றால் மதிப்பெண் போச்சு. தேர்வில் காரணம் கேட்டால் புத்தக வரியையே எழுதுங்கள். திருத்துபவர் அதைத்தான் தேடுவார். இடமிருந்தால் குரோமியத்துக்கு ஒரே ஸ்பின் எலக்ட்ரான்களின் பரிமாற்ற ஆற்றல் என்றும், செம்புக்கு 3d யின் ஆற்றல் 4s ஐவிடத் தாழ்ந்துவிட்டது என்றும் தனித்தனியாகச் சேர்த்து எழுதுங்கள்.